புஷ் கேம்பெயினில் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நேரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நாடுகளில் பயனர்கள் உள்ள ஆப்புக்குப் புஷ் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், இந்தத் துறையில் முன்பே இருப்பவர்கள் செய்து முடித்த தவறுகளை வரிசை மாறாமல் திரும்பச் செய்கிறார்கள். நள்ளிரவில் அனுப்பாதே, ஒரே நாளில் ஐந்து அனுப்பாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். வெளியே சரியாகத் தெரிந்து, உள்ளே கணக்கையே கெடுக்கும் தவறுகள்தான் இங்கே. அதிலும் முதல் தவறுதான் அதிக இழப்பைத் தருவது.

## நாம் அனுப்பிய நேரத்தையே அவர்கள் விரும்பும் நேரம் என்று நம்புவது

ஓர் ஆப், ஆறு மாதமாக எல்லா நோட்டிஃபிகேஷனையும் UTC 13:00 மணிக்கு, உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அனுப்பி வந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ‘ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரம்’ என்ற முறைக்கு மாற முடிவாகிறது. புதிதாக வந்தவர் பழைய டேட்டாவை எடுக்கிறார். ஒவ்வொரு ஓப்பனையும் அந்தப் பயனரின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுகிறார். எந்த மணியில் ஓப்பன் அதிகமோ அதுவே அவருக்கு ஏற்ற நேரம் என்று எழுதுகிறார்.

குளிர்காலத்து டேட்டாவில் கிடைக்கும் விடை இப்படி இருக்கும்: நியூயார்க் பயனர்களுக்குக் காலை 8 மணி, லண்டனுக்குப் பிற்பகல் 1 மணி, சிங்கப்பூருக்கு இரவு 9 மணி, டோக்கியோவுக்கு இரவு 10 மணி. பார்ப்பவர்கள் உடனே கதை கட்டிவிடுவார்கள்: அமெரிக்கர்கள் வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறார்கள், லண்டன்காரர்கள் மதிய இடைவேளையில், ஆசியாவில் தூங்கப் போகும் முன். விளக்கம் அவ்வளவு இயல்பாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் அந்த நான்கு மணியும் ஒரே மணி. UTC 13:00 என்பது நான்கு ஊர்க் கடிகாரங்களில் எப்படித் தெரியுமோ, அதுதான் விடையாக வந்திருக்கிறது. நோட்டிஃபிகேஷன் வந்த சிறிது நேரத்தில்தான் பெரும்பாலான ஓப்பன்கள் நடக்கும். எப்போது அனுப்பினோமோ அப்போதே ஓப்பன் குவியும். நியூயார்க் பயனருக்கு மாலை 6 மணிக்கு ஒன்றுமே அனுப்பாதபோது, மாலை 6 மணி அவருக்கு ஏற்றதா என்பதைப் பற்றி அந்த டேட்டா எதுவும் சொல்ல முடியாது.

அடுத்து நடப்பது இன்னும் மோசம். இந்த விடையை வைத்து அடுத்த கேம்பெயின் போகிறது. நியூயார்க்கில் மீண்டும் 8 மணிக்கே ஓப்பன் குவிகிறது. கணிப்பு ‘உறுதியாகிவிட்டது’ என்று அறிக்கை எழுதப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே நேரம் மேலும் இறுகுகிறது. ஒருவருடைய பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டிய கணக்கு, நம்முடைய பழைய அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் பொறியாளர்களின் உழைப்பு இதில் போவதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. காரணம், இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வினவல் போதும்.

```sql
SELECT time_zone,
       EXTRACT(HOUR FROM next_send_at
               AT TIME ZONE 'UTC') AS utc_hour,
       COUNT(*) AS users
FROM send_plan
GROUP BY 1, 2
ORDER BY 1, 3 DESC;
```

கணித்த நேரங்களை UTC-க்குத் திருப்பி, நேர மண்டலவாரியாகப் பாருங்கள். இங்கே `next_send_at` மண்டலத் தகவலோடு சேமித்த `timestamptz` வகை. உண்மையான பழக்கம் என்றால் நியூயார்க்கின் உச்சம் ஒரு UTC மணியிலும் டோக்கியோவின் உச்சம் வேறொரு UTC மணியிலும் இருக்க வேண்டும். எல்லா மண்டலங்களிலும் முதல் வரி 13 என்று வந்தால், அது பயனர்களின் பழக்கம் அல்ல, உங்கள் பழைய ஷெட்யூலரின் தடம். மொத்தமாகப் பார்க்காமல் மண்டலவாரியாகப் பிரிப்பது அவசியம். பயனர்களில் பாதிப்பேர் ஒரே மண்டலத்தில் இருந்தால், கணிப்பு சரியாக இருந்தாலும் மொத்தக் கணக்கில் ஒரு மணி உயர்ந்துதான் தெரியும்.

சரிசெய்ய ஒரே வழி, வேறு வேறு நேரங்களில் அனுப்பிப் பார்ப்பது. ஒவ்வொரு கேம்பெயினிலும் 10% பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து எடுங்கள். அவர்களுக்கு உள்ளூர் நேரம் காலை 8 முதல் இரவு 9 வரையுள்ள 14 மணிகளில் ஏதாவது ஒன்றைக் குலுக்கிக் கொடுங்கள். அடுத்த கேம்பெயினில் ஆட்களையும் மணியையும் புதிதாகக் குலுக்க வேண்டும். ஒரே ஆட்களை வைத்துக்கொண்டால் அவர்கள் மட்டுமே எப்போதும் சோதனைக் கூட்டமாகிவிடுவார்கள்.

கணக்கை அனுப்பிய மணியை வைத்துப் போடுங்கள், ஓப்பன் ஆன மணியை வைத்து அல்ல. ‘காலை 8 மணிக்கு அனுப்பியதில் 4 மணி நேரத்துக்குள் எத்தனை சதவீதம் திறக்கப்பட்டது’ என்பதே கேள்வி. எண்ணிக்கை மட்டும் வேண்டாம், எத்தனை அனுப்பினோம் என்ற வகுக்கும் எண்ணும் கூடவே வேண்டும்.

பொறுமையும் வேண்டும். 2,80,000 பயனர்கள் என்றால் 10% என்பது 28,000. 14 மணிகளுக்குப் பிரித்தால் மணிக்கு 2,000 பேர். ஒரு மணியில் ஓப்பன் 4% என்று வந்தால், உண்மையான மதிப்பு ஏறத்தாழ 3.1% முதல் 4.9% வரை எங்கும் இருக்கலாம். பக்கத்து மணியில் 4.5% வந்தது என்று அங்கே தாவக் கூடாது. ஐந்து கேம்பெயின் சேர்ந்தால் மணிக்கு 10,000 பேர் ஆகிறார்கள், எல்லை 3.6% முதல் 4.4% வரை சுருங்குகிறது. அப்போதுதான் பேச ஏதாவது இருக்கிறது.

நோட்டிஃபிகேஷன் இல்லாமல் பயனர் தானாகவே ஆப்பைத் திறந்த நேரங்கள் நல்ல தொடக்கக் குறிப்பு. ஆனால் அதிலும் பழைய அட்டவணை ஒளிந்திருக்கும்: நோட்டிஃபிகேஷனைத் தட்டாமல், அதைப் பார்த்துவிட்டு ஐகானைத் தொட்டு உள்ளே வருபவர்கள் ‘தானாக வந்தவர்கள்’ என்றே பதிவாவார்கள். ஒரு நோட்டிஃபிகேஷன் போய் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கிய வருகைகளை இந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

## இரண்டு முறை அனுப்பியதை வைத்து முடிவெடுப்பது

ஒருவருக்கு மாலை 7 மணிக்கு 2 முறை அனுப்பினோம், 1 முறை திறந்தார்: 50%. காலை 10 மணிக்கு 30 முறை அனுப்பினோம், 3 முறை திறந்தார்: 10%. புதியவர்கள் தயங்காமல் மாலை 7 என்று எழுதுவார்கள். ஒரே ஒரு தட்டல்தான் அங்கே சாட்சி.

அவருடைய மண்டலத்துக் கூட்டத்தின் சராசரியை அவருடைய எண்ணோடு கலக்க வேண்டும். அனுப்பியது n, திறந்தது x, கூட்டத்தின் விகிதம் p என்றால்:

```
(x + k*p) / (n + k)
```

k என்பது கூட்டத்தின் சராசரிக்கு எத்தனை அனுப்பல் அளவு மதிப்புத் தருகிறோம் என்பது. 20-இல் தொடங்கலாம். கூட்டத்துக்கு மாலை 7-இல் 4%, காலை 10-இல் 5% என்று வைத்தால், முதலாவது (1 + 0.8) / 22, அதாவது 8.2%. இரண்டாவது (3 + 1) / 50, அதாவது 8%. 50-க்கும் 10-க்கும் இருந்த பெரிய இடைவெளி மறைந்துவிட்டது. இவருக்குத் தனி நேரம் இன்னும் தெரியவில்லை என்பதே சரியான விடை. அவருக்குக் கூட்டத்தின் நேரத்திலேயே அனுப்புங்கள்.

## மண்டலத்தை ஓர் எண்ணாகச் சேமிப்பது

`-05:00` என்று சேமித்தால் அது இன்றைய வித்தியாசம் மட்டும். `America/New_York` என்று சேமித்தால் அந்த ஊரின் விதி முழுவதும் கூடவே வரும். 2026-இல் அமெரிக்கா மார்ச் 8 அன்று கோடைக்கால நேரத்துக்கு மாறுகிறது, ஐரோப்பா மார்ச் 29 அன்று. இடைப்பட்ட மூன்று வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் 5 மணி அல்ல, 4 மணி. எண்ணாகச் சேமித்தவர்களின் காலை 8 மணி, அந்த எண்ணை மாற்றும் வரை, மார்ச் 8 முதல் நியூயார்க்கில் 9 மணிக்குப் போய்ச் சேரும். ‘ஓப்பன் ஏன் மாறியது’ என்று கேம்பெயின் வாசகத்தில் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பயனருக்கு ஏற்ற மணியையும் உள்ளூர் மணியாகவே வையுங்கள். UTC-க்கு மாற்றுவது அனுப்பும் நாளைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தத் தேதியை வைத்து.

## நாட்டை வைத்து மண்டலத்தை ஊகிப்பது

வேண்டாம். போனிலிருந்து மண்டலப் பெயரை வாங்குங்கள், ஆப் திறக்கும் ஒவ்வொரு முறையும்.

## கேம்பெயின் நாளன்று காலையில் ஷெட்யூல் செய்வது

புதன்கிழமை உலகம் முழுவதும் ஒரே நொடியில் தொடங்குவதில்லை. `Pacific/Kiritimati` UTC-யைவிட 14 மணி முன்னால் இருக்கிறது, `Pacific/Pago_Pago` 11 மணி பின்னால். உள்ளூர் காலை 8 முதல் இரவு 9 வரை தனித்தனி நேரம் கொடுத்தால், முதல் நோட்டிஃபிகேஷன் UTC செவ்வாய் 18:00 மணிக்குப் புறப்படலாம். கடைசி ஒன்று UTC வியாழன் 08:00 மணிக்குப் போகும். மொத்தம் 38 மணி நேரம். ஆகவே யாருக்கு எப்போது என்ற பட்டியலும் வாசகமும் செவ்வாய் மாலை UTC 18:00-க்கு முன்பே இறுதியாகிவிட வேண்டும். தாமதமாகத் தொடங்கினால் நேரம் கடந்துபோனவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும். பல கருவிகளில் ‘உடனே அனுப்பு’ அல்லது ‘விட்டுவிடு’ என்ற தேர்வு இருக்கும். ‘உடனே’ என்பது சிலருக்கு விடியற்காலை 3 மணி. விட்டுவிடுங்கள்.

சலுகை முடியும் நேரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ‘புதன் நள்ளிரவுடன் முடிகிறது’ என்பதை UTC-யில் வைத்தால், குளிர்கால நியூயார்க்கில் புதன் மாலை 7 மணிக்கே சலுகை முடிந்துவிடும். இரவு 9 மணி ஏற்றது என்று கணித்த பயனருக்கு, இல்லாத சலுகையின் அறிவிப்பு போய்ச் சேரும். தட்டி உள்ளே வந்து ஏமாறுபவர் அடுத்து செய்வது நோட்டிஃபிகேஷனை அணைப்பதுதான்.

## காலாவதி வைக்காமல் விடுவது

ஆண்ட்ராய்டுக்குக் கூகுளின் FCM சேவையில் காலாவதி நேரமான `ttl` கொடுக்காவிட்டால் செய்தி 4 வாரம் வரை காத்திருக்கும். மாலை 6-க்கு என்று கணித்தது, போனை மறுநாள் காலையில் ஆன் செய்தவருக்கு அப்போது வரும். 4 மணி நேரம் என்றால் `14400s`. ஐபோனுக்கு `apns-expiration`.

## ஓப்பன் விகிதத்தோடு நிறுத்திக்கொள்வது

தினமும் இரவு 8 மணிக்குத் தானாகவே ஆப்பைத் திறப்பவருக்கு 7:55-க்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பினால் ஓப்பன் பிரமாதமாக இருக்கும். அவர் எப்படியும் வந்திருப்பார். ஆகவே மூன்று கூட்டம் வையுங்கள்: தனி நேரத்தில் பெறுபவர்கள், உள்ளூர் நேரப்படி எல்லோருக்கும் ஒரே மணியில் பெறுபவர்கள், எதுவும் பெறாதவர்கள். அடுத்த 7 நாளில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை மூன்றிலும் ஒப்பிடுங்கள். தனி நேரக் கூட்டத்தில் ஓப்பன் உயர்ந்து, வாங்கியவர்கள் எண்ணிக்கை இரண்டாவது கூட்டத்தின் அளவிலேயே நின்றால், கிடைத்தது இடம் மாறிய ஓப்பன் மட்டும்தான்.