பரவலைத் தேடாமலே எதிர்பார்ப்பு மதிப்பு: பூக்கடையும் கரும்புத் துண்டும்

X என்ற சமவாய்ப்பு மாறியின் நிகழ்தகவுகள் கையில் இருக்கின்றன. ஆனால் நமக்கு வேண்டியது X-இன் சராசரி இல்லை. X-ஐ வைத்துக் கணக்கிடும் இன்னொன்றின் சராசரி. லாபம், பரப்பளவு, விகிதம் என்று எதுவாகவும் இருக்கலாம். அதை Y = g(X) என்று எழுதுவோம். முதன்முதலில் இதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் Y-இன் நிகழ்தகவுப் பரவலைக் கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குத் தேவையே இல்லை. ஏன் என்பதை ஒரு பூக்கடைக் கணக்கில் பார்ப்போம்.

கணக்கு

ஒருவர் காலையில் மல்லிகைப் பந்து வாங்கி, மாலையில் விற்கிறார். வாங்கும் விலை பந்துக்கு 60 ரூபாய், விற்கும் விலை 100 ரூபாய். இரவில் மிஞ்சிய பூ வாடிவிடும், அதற்கு மதிப்பில்லை. ஒரு நாளில் எத்தனை பந்து கேட்டு ஆள் வருவார்கள் என்பதுதான் X. அவர் 4 பந்து வாங்கினால் சராசரி லாபம் என்ன? (எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை.)

படி 1: எது சமவாய்ப்பு மாறி என்று முடிவு செய்யுங்கள்

இங்கே நிச்சயமில்லாதது தேவை மட்டும்தான். அதன் நிகழ்தகவுகளை எழுதி, கூட்டினால் 1 வருகிறதா என்று பாருங்கள்.

```
x      2     3     4     5     6
p(x)  0.10  0.20  0.30  0.25  0.15
```

படி 2: g-ஐ எழுதுங்கள்

தேவை எவ்வளவு இருந்தாலும் கையில் உள்ள 4 பந்துக்கு மேல் விற்க முடியாது. அதனால் விற்பனை min(x, 4). முதல் போட்டது 4 × 60 = 240.

```
g(x) = 100·min(x, 4) − 240

x      2     3     4     5     6
g(x)  −40   60   160   160   160
```

படி 3: பெருக்கிக் கூட்டுங்கள்

ஒவ்வொரு x-க்கும் g(x)-ஐ அந்த x-இன் நிகழ்தகவால் பெருக்க வேண்டும். நிகழ்தகவு வரிசையில் கை வைக்கவே கூடாது.

```
E[g(X)] = Σ g(x)·p(x)
        = −4 + 12 + 48 + 40 + 24 = 120
```

சராசரி லாபம் நாளுக்கு 120 ரூபாய். அவ்வளவுதான்.

இது ஏன் சரி?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். லாபத்தின் பரவலைக் கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருப்போம்? 160 ரூபாய் லாபம் மூன்று வழிகளில் வருகிறது: தேவை 4, 5, 6. அந்த மூன்று நிகழ்தகவுகளையும் சேர்த்து 0.70 என்று எழுதியிருப்போம். அப்புறம் 160 × 0.70 = 112. மற்ற இரண்டையும் சேர்த்தால் −4 + 12 + 112 = 120. அதே விடை.

இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாடு, 160-ஐ முதலிலேயே பொதுவாக எடுத்து வெளியே வைத்தோமா, இல்லை தனித்தனியாகப் பெருக்கிக் கடைசியில் கூட்டினோமா என்பது மட்டுமே. 160×0.30 + 160×0.25 + 160×0.15 என்பதும் 160×(0.30 + 0.25 + 0.15) என்பதும் ஒன்றுதான். தனிநிலை மாறிகளுக்கு முழு நிரூபணமும் இதுவே: ஒரே g மதிப்பைத் தரும் x-களைக் குழுவாகச் சேர்ப்பது. ஆங்கிலப் பாடநூல்களில் இந்த விதியை Law of the Unconscious Statistician, அதாவது நினைவில்லாத புள்ளியியலாளரின் விதி என்பார்கள்; அதையே லோட்டஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். நிரூபிக்க வேண்டிய தேற்றம் என்ற நினைவே இல்லாமல், ஏதோ வரையறை போலவே புள்ளியியலாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சொல்லும் பெயர் அது.

இந்த வழியின் உண்மையான பயன், கேள்வியை மாற்றும்போது தெரியும். 5 பந்து வாங்கினால்? p(x) வரிசை அப்படியே இருக்கும், g வரிசை மட்டும் மாறும்: −100, 0, 100, 200, 200. விடை −10 + 0 + 30 + 50 + 30 = 100. மூன்று பந்து வாங்கினால் 110 வரும், நீங்களே போட்டுப் பாருங்கள். ஆக 4 பந்துதான் நல்லது. பரவல் வழியில் போயிருந்தால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் லாபத்தை மறுபடி குழு பிரித்திருக்க வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு

முதலில் E[X]-ஐக் கண்டுபிடித்து, அதை g-க்குள் போடுவது. இங்கே E[X] = 4.15. அதை g-க்குள் போட்டால் min(4.15, 4) = 4, லாபம் 160. சரியான விடை 120 என்பது நமக்குத் தெரியும். 40 ரூபாய் எங்கே போனது? தேவை குறைந்த நாளில் நட்டம் முழுதாக விழுகிறது. தேவை கூடிய நாளில் லாபம் 160-லேயே நின்றுவிடுகிறது. சராசரித் தேவையை மட்டும் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு கண்ணில் படாது. g(x) = ax + b என்ற நேர்கோட்டு வடிவில் இருந்தால் மட்டும் பயமில்லாமல் உள்ளே போடலாம்.

தொடர்ச்சியான மாறிக்கு

கூட்டலுக்குப் பதில் தொகையிடல், p(x)-க்குப் பதில் அடர்த்திச் சார்பு f(x). மற்றதெல்லாம் அதேதான்.

1 மீட்டர் கரும்பை ஏதோ ஓர் இடத்தில் வெட்டுகிறோம். வெட்டும் இடம் X, 0 முதல் 1 வரை எங்கும் சம வாய்ப்பு. அதாவது f(x) = 1. சிறிய துண்டின் நீளத்தைப் பெரிய துண்டின் நீளத்தால் வகுத்தால் வரும் விகிதத்தின் சராசரி என்ன?

x பாதிக்குக் கீழே இருந்தால் விகிதம் x/(1−x). மேலே இருந்தால் (1−x)/x. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதால், ஒரு பக்கத்தைத் தொகையிட்டு இரட்டிப்பாக்கினால் போதும்.

```
E[g(X)] = 2 ∫ x/(1−x) dx          (0 → 1/2)
        = 2 [ −x − ln(1−x) ]      (0 → 1/2)
        = 2 ln 2 − 1 ≈ 0.386
```

இங்கேயும் குறுக்குவழி ஆசை வரும். சிறிய துண்டின் சராசரி 1/4 மீட்டர், பெரியதன் சராசரி 3/4 மீட்டர், அதனால் விகிதம் 1/3 என்று. அது தவறு, விகிதத்தின் சராசரி வேறு, சராசரிகளின் விகிதம் வேறு. சந்தேகம் இருந்தால் கணினியில் வெட்டிப் பார்க்கலாம்:

```python
import random
n = 1_000_000
s = 0
for _ in range(n):
    x = random.random()
    s += min(x, 1-x) / max(x, 1-x)
print(s / n)
```

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் 0.386-ஐ ஒட்டியே வரும், 0.333 பக்கம் போகாது.

எங்கே நிற்கும்

இப்போது விகிதத்தைத் தலைகீழாக்கிப் பெரியதைச் சிறியதால் வகுங்கள். தொகையிட வேண்டியது (1−x)/x. x பூஜ்யத்தை நெருங்கும்போது இது மிக வேகமாக ஏறுகிறது. தொகை முடிவிலிக்குப் போய்விடுகிறது. அதாவது சராசரி என்று ஓர் எண் இல்லை. |g(x)|·f(x)-இன் தொகை முடிவுள்ளதாக இருந்தால்தான் இந்த விதியிலிருந்து ஓர் எண் கிடைக்கும். மேலே உள்ள நிரலில் min-ஐயும் max-ஐயும் இடம் மாற்றி நாலைந்து முறை ஓட்டுங்கள். ஒரு முறை வந்த விடை அடுத்த முறை வராது. நுனியை ஒட்டி விழுந்த ஒரே ஒரு வெட்டு மொத்தத்தையும் தூக்கிவிடும்.