1700 டிகிரி தாங்கும்னு எழுதியிருக்கேண்ணே, அப்புறம் ஏன் உடைஞ்சுச்சு?

மண்டபம் பக்கம் ஒரு சின்ன பட்டறைல போட்டுக்கு கன்மெட்டல் புரொப்பெல்லர் வார்க்குறது நம்ம பொழப்பு. போன மாசம் புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் சூடு அளக்குற தெர்மோகப்பிள் கம்பிக்கு உறையா இருக்குற செராமிக் ட்யூப்பை உருகின உலோகத்துல விட்டு சூடு பாத்துட்டு, வெளிய எடுத்து அப்படியே ஈர மணல் மேல வச்சான். "டிக்"குனு ஒரு சத்தம், அவ்ளோதான். பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி நான் கேட்ட அதே சத்தம், அதான் இதை எழுத உக்காந்துட்டேன். கையுறை போடு, ஈர அச்சுல ஊத்தாத, இதெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க, அதை விட்டுடுறேன். சூட்டுல பொருள் விரிஞ்சு சுருங்குற விசயத்துல நாம பண்ற தப்புகளை மட்டும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

எவ்வளவு சூடு தாங்கும்னு மட்டும் பாத்து செராமிக் வாங்குறது

தம்பி கேட்ட கேள்விதான் மேல தலைப்புல இருக்கு. அவன் சொன்னதுல பொய் இல்ல, அலுமினாங்குற செராமிக்ல செஞ்ச அந்த ட்யூப் 1700 டிகிரி வரைக்கும் உருகாம நிக்கும். ஆனா அது நிதானமா ஏத்தி நிதானமா இறக்குனா நிக்குற கணக்கு. எவ்வளவு வேகமா சூடு மாறலாம்ங்குறது தனி கணக்கு, அதை டப்பா மேல யாரும் எழுதுறதில்ல.

உள்ள என்ன நடக்குதுன்னா, சூடான ட்யூப்பை ஈரத்துல வச்சதும் வெளித்தோல் குளிர்ந்து சுருங்கப் பாக்கும், உள்பக்கம் இன்னும் கொதிச்சுக்கிட்டு இருக்குறதால அதை சுருங்க விடாது, அப்ப தோல் இழுபடும். இரும்பா இருந்தா அந்த இழுப்புக்கு லேசா நெளிஞ்சு குடுத்துடும். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளுது, அலுமினா வெறும் 8தான், ஆனாலும் அலுமினியம் உடையாது, இது உடையும், ஏன்னா செராமிக்குக்கு நெளியத் தெரியாது. அமுக்குனா பல மடங்கு தாங்கும், இழுத்தா ஏற்கனவே இருக்குற கண்ணுக்குத் தெரியாத கீறல்ல இருந்து பொளந்துடும். அதனாலதான் ஏத்துறதை விட குளிர வைக்குறது ஆபத்து: ஏத்தும்போது தோல் அமுங்குது, குளிரும்போது இழுபடுது, கீறல் இருக்குறதும் தோல்லதான்.

கணக்கு போட ஒரு சின்ன சூத்திரம் இருக்கு:

```
ΔT = σ(1−ν) / (E·α)
```

பயப்படாதீங்க. σ உடையுற பலம், E விறைப்பு, α விரிவு, ν அப்படின்னா ஒரு பக்கம் இழுத்தா குறுக்க எவ்வளவு ஒடுங்கும்ங்குற விகிதம். அலுமினாவுக்கு விறைப்பு 370 ஜிகாபாஸ்கல், விரிவு டிகிரிக்கு மில்லியன்ல 8, ν 0.22. போட்டுப் பாத்தா தோலுக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலே கிட்டத்தட்ட 3.8 மெகாபாஸ்கல் இழுப்பு. பலம் 300னு வச்சா 80 டிகிரி வித்தியாசத்துலயே முடிஞ்சுது கதை. நிஜத்துல தண்ணில போட்டுப் பாத்தா 200 டிகிரி வரைக்கும் தாக்குப்பிடிக்கும், ஏன்னா தோல் ஒரே நொடியில தண்ணி அளவுக்கு குளிர்ந்துடாது, உள்ள இருக்குற சூடு கொஞ்சம் வெளிய ஓடி வந்து ஈடு கட்டும். ஆனா நம்ம ட்யூப் 1150ல இருந்து 30க்கு வருது. 200 எங்க, 1120 எங்க!

அந்த ஓட்டத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு. அலுமினா சாதா சூட்டுல நல்லா கடத்தும், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 30 வாட் கிட்ட, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலை விட அதிகம். ஆனா 1000 டிகிரில அது 6 பக்கத்துல விழுந்துடும். நமக்கு எப்ப தேவையோ அப்ப கை விட்டுடும்.

அப்ப பதினஞ்சு வருசத்துக்கு முந்தின நம்ம கதைக்கு வரேன். அந்த வருசம் கச்சான் காத்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, பட்டறை வாசல்ல நான் ட்யூப்பை ஈர மணல்ல வச்சேன், டிக்குன்னுச்சு, பாத்தா ஒண்ணும் தெரியல, முழுசா இருக்குன்னு நினைச்சு அடுத்த உருக்குக்கும் அதையே விட்டேன். அந்த மயிரிழை விரிசல் வழியா உருகின உலோகம் உள்ள போயி தெர்மோகப்பிள் கம்பியைத் தின்னுடுச்சு, மீட்டர் குறைவா காட்டுது, இன்னும் சூடாகலைன்னு நாங்க ப்ளோவரை ஏத்திக்கிட்டே இருந்தோம். மூணு புரொப்பெல்லர் வார்த்தோம், மெஷின்ல கடைஞ்சா மூணுலயும் ஊசி ஊசியா காத்து ஓட்டை. மூணையும் திரும்ப உருக்குனோம், கரி காசு, ஒரு வாரக் கூலி, பார்ட்டிகிட்ட வாங்குன பேச்சு எல்லாம் ஒரு கைப்பிடி ஈர மணலால. இன்னிக்கும் யாராவது சூடான ட்யூப்போட கீழ குனிஞ்சா எனக்கு கோவம் வந்துடும்.

இப்ப என்ன பண்றோம்னா, விடுறதுக்கு முன்னாடி ட்யூப்பை உலை வாய்க்கு மேல அடுப்பு அனல்லயே பத்து நிமிசம் பிடிக்குறோம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறக்குறோம். எடுத்ததும் காஞ்ச செராமிக் ஃபைபர் பாய்க்குள்ள சுருட்டி காத்து படாத மூலைல வச்சுடுறோம், பஞ்சு மாதிரி இருக்குறதால சூடு மெதுவாத்தான் வெளிய போகும். ஆறினப்புறம் ஒத்த ரூபா காசால தட்டிப் பாக்கணும், மணி மாதிரி "ணிங்"னு வந்தா சரி, "டொக்"னு வந்தா தூக்கிப் போடு. சந்தேகமா இருந்தா நீல மையைத் தடவி ரெண்டு நிமிசம் விட்டு துணியால துடைச்சா, விரிசல் இருந்தா கோடா நின்னுடும்.

கெட்டியா பளபளன்னு இருந்தா நல்லதுன்னு நம்புறது

இதுல நானே ஏமாந்திருக்கேன். கடைல தட்டினா கணீர்னு இருக்குறதை எடுப்போம், சொரசொரன்னு பொத்தலா இருக்குறதை ஒதுக்குவோம். ஆனா நம்ம உலைச் செங்கல்லப் பாருங்க, உள்ளாற ஆயிரம் விரிசல், பலம் கம்மி, ஆனா தினம் சூடாகி ஆறி வருசக்கணக்கா நிக்குது. ஏற்கனவே இருக்குற விரிசல் கொஞ்சம் கொஞ்சமா நீண்டு நின்னுடும், ஒரேயடியா வெடிக்காது. கெட்டி சாமான்ல விரிசல் ஒண்ணு ஆரம்பிச்சா நிறைய சக்தி சேத்து வச்சிருக்குறதால மறுமுனை வரைக்கும் ஓடிடும். ஹாசல்மன்னு ஒரு செராமிக் ஆராய்ச்சியாளர் 1969லயே இதை ரெண்டு தனித்தனி குணமா பிரிச்சு எழுதிட்டாரு: விரிசல் தொடங்காம தடுக்குறது வேற, தொடங்குன விரிசல் பரவாம தடுக்குறது வேற.

ரெண்டும் வேணும்னா பொருளை மாத்தணும். அதே சூத்திரத்துல சிலிக்கான் நைட்ரைடுக்கு விரிவு 3, பலம் 700, கணக்கு 550 டிகிரி கிட்ட வரும். குவார்ட்ஸ் கண்ணாடி மோசமா கடத்தும், பலமும் பெருசா இல்ல, ஆனா விரிவு வெறும் 0.5ங்குறதால செக்கச் செவேல்னு இருக்குறதை தண்ணில போட்டாலும் சும்மா கிடக்கும். எங்க வேலைக்கு இப்ப மெல்ல மெல்ல கிராஃபைட் கலந்த உறைக்கு மாறிக்கிட்டு இருக்கோம், தேயுது, ஆனா வெடிக்கல.

செராமிக்கை இரும்பு வளையத்துல இறுக்குறது

இடைவெளி விட்டு ஃபைபர் திணி. வேற பேச்சு இல்ல.

ஸ்டெய்ன்லெஸ்ஸும் இரும்பும் ஒண்ணுன்னு வெல்டிங் பண்றது

ஸ்டெய்ன்லெஸ்ஸுக்கு விரிவு 17, இரும்புக்கு 12. வளையும்.

ஷாஃப்டுக்கு நைலான் புஷ்ஷை டைட்டா அடிக்குறது

இது ஃபைபர் போட்டுக்காரங்க பண்றது. புஷ்ஷுன்னா ஷாஃப்ட் உள்ள சுத்துற குழல். நைலான் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 90 மைக்ரான் கிட்ட நீளும், இரும்பு 12. வெளி விட்டம் 60 மில்லி இருக்குற புஷ் 30 டிகிரி சூடானா 0.16 மில்லி பெருசாகப் பாக்கும், சுத்தி இருக்குற இரும்பு வெறும் 0.02தான் வழி விடும். மிச்சம் எங்க போகும்? உள்பக்கம் போயி ஷாஃப்டைப் பிடிக்கும். பிடிச்சா உரசும், உரசுனா சூடு, அந்த சூடு நைலான் வழியா வெளிய போகாது, ஏன்னா அது இரும்புல இருநூறுல ஒரு பங்குதான் கடத்தும். இது பத்தாதுன்னு நைலான் தண்ணி குடிச்சு வேற ஊதும். கரைல கையால சுத்திப் பாத்து "நைஸா ஓடுதுண்ணே"ன்னு சொன்னவன், மறுநாள் நடுக்கடல்ல ஷாஃப்ட் பிடிச்சு நின்னு, இன்னொரு போட்டு கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சு. புஷ்ஷை இரும்புல அடிச்சபடியே வாரக்கணக்குல தண்ணில ஊறப் போட்டுட்டு அப்புறம் உள் விட்டத்தை அளந்திருந்தா, தண்ணிக்கு இன்னும் எவ்வளவு கடையணும்னாவது கரைலயே தெரிஞ்சிருக்கும்.