தேவையற்றதை அடிக்கவும்: விண்ணப்பப் படிவத்தில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு உறுப்பினர் படிவம் தயாரித்தது நான்தான். ஒரே ஏ4 தாளில் 34 கேள்விகளை அடக்கிவிட்டேன் என்று பெருமை வேறு. நிரப்பி வந்த முதல் படிவத்திலேயே ஒருவருடைய விலாசம் வரியில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, தலைப்புக்குப் பக்கத்தில் போய் முடிந்திருந்தது.

தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். மேலும் கீழும் 15 விட்டால் மிச்சம் 267. மேல்வரியின் 'கு', 'மு' வால்கள் கீழ்வரியின் 'கி', 'மீ' சுழிகளில் இடிக்காமல் கையால் எழுத, வரிக்கு 10 மில்லிமீட்டராவது வேண்டும். ஆக 26 வரிதான் கிடைக்கும், அதிலும் தலைப்பு, விலாசம், கையெழுத்து என்று பாதி போய்விடும். திரையில் பார்க்கும்போது இது உறைக்காது, அச்செடுத்துப் பேனாவால் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் அந்தப் புள்ளிக்கோடு வேண்டவே வேண்டாம். வரி நெருக்கமாக இருந்தால் எது கோட்டின் புள்ளி, எது மெய்யெழுத்தின் புள்ளி என்றே புரியாது.

எழுத்துக்கு ஒரு கட்டம் என்பதும் தமிழ்ப் பெயருக்குச் சரிப்படாது. 'கொ' ஒரு கட்டமா, மூன்றா? பெயருக்குத் திறந்த இடம் விடுங்கள், கட்டத்தை எண்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பின்கோடுக்கு 6, கைபேசிக்கு 10, ஆதாருக்கு நான்கு நான்காக 12. வங்கியின் ஐஎஃப்எஸ்சி கோடில் 11 கட்டம், ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம்தான். அதை நீங்களே அச்சடித்துவிட்டால் யாரும் அங்கே ஆங்கில 'ஓ' போட மாட்டார்கள்.

நான் செய்ததிலேயே பெரிய கூத்து, 'சொந்த வீடு / வாடகை வீடு (தேவையற்றதை அடிக்கவும்)' என்று போட்டதுதான். நம் ஊரில் 'டிக் அடி' என்றாலும் அடிதான், 'அடித்துவிடு' என்றாலும் அடிதான். பாதிப் பேர் பொருந்தாததைக் கோடு போட்டு அடித்தார்கள், மீதிப் பேர் பொருந்துவதில் டிக் அடித்தார்கள், ஒருவர் இரண்டையும் செய்து வைத்திருந்தார். இப்போது கட்டம் போட்டு, 'பொருந்துவதில் ✓ இடவும்' என்று அந்தக் கேள்விக்கு மேலேயே எழுதிவிட்டேன். கட்டம் எந்தச் சொல்லுக்கு உரியது என்பதும் தெரிய வேண்டும்: 'சொந்தம் ☐ வாடகை ☐' என்று சம இடைவெளியில் இருந்தால் நடுக்கட்டம் யாருடையது? கட்டத்தை முன்னால் வைத்துச் சொல்லோடு ஒட்டிவிட்டு, அடுத்ததற்கு நல்ல இடைவெளி விட்டால் போதும்.

கேள்விகளின் வரிசையை, நிரப்புபவர் கையில் எந்த ஆவணம் இருக்கும் என்று பார்த்து அமையுங்கள். என் படிவத்தில் 6ஆவது கேள்வி வங்கிக் கணக்கு எண், 27ஆவது கிளையின் பெயர். பை உள்ளே வைத்த பாஸ்புக்கை மறுபடி தேடி எடுத்த ஒரு பெரியவர், "ஏன் தம்பி, இதை அப்பவே கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.