32 பக்க வாடகை ஒப்பந்தத்துல தப்பு பிடிக்கிறது எப்படி? பின்னாலிருந்து படிக்கிற முறை, படிப்படியா

பத்திரம் டைப் பண்ற வேலைக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் ப்ரூஃப் பாக்குறாங்க, முதல் பக்கத்துல ஆரம்பிச்சு கடைசி பக்கம் வரைக்கும் கதை படிக்கிற மாதிரி ஒரே மூச்சா படிச்சிட்டு "எல்லாம் சரியா இருக்கு சார்"னு நீட்டிடுறாங்க. அப்படிப் படிச்சா எழுத்துப்பிழை நாலஞ்சு மாட்டும், பணத்தையும் உரிமையையும் மாத்திப் போடுற தப்பு மாட்டாது. ஏன்னா வாக்கியம் எங்க போகுதுன்னு மனசுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது, கண்ணு அங்க இல்லாததையும் இருக்கிறதா படிச்சிட்டுப் போயிடும்.

நான் பாத்த ஒரு ஒப்பந்தத்தை வச்சே சொல்றேன். ரோட்டு மேல ஒரு கிரவுண்ட் ஃப்ளோர் கடை, டூ வீலர் ஷோரூமுக்கு 9 வருஷத்துக்கு வாடகைக்கு விடுறாங்க. மாச வாடகை 85,000, அட்வான்ஸ் பத்து மாச வாடகை, 3 வருஷத்துக்கு ஒருதடவை 15 சதவீதம் ஏத்தம். 34 பிரிவு, கடைசில ரெண்டு ஷெட்யூல், மொத்தம் 32 பக்கம், முழுக்கத் தமிழ்ல. கட்டிட ஓனர் 1 லக்கமிட்டவர், வாடகைக்கு எடுக்கிறவர் 2 லக்கமிட்டவர்.

படி 1: பிரிண்ட் எடுங்க, ஒரு துண்டுப் பேப்பர்ல குறிப்பு எழுதுங்க

ஸ்க்ரீன்ல பாத்து டைப் அடிச்சதை அதே ஸ்க்ரீன்ல ப்ரூஃப் பாக்காதீங்க. பிரிண்ட் எடுத்து, முடிஞ்சா வரிக்கு வரி இடைவெளி கொஞ்சம் கூட்டி எடுத்து, பக்கத்துல ஒரு தனித் தாள் வச்சுக்கோங்க. அதுல ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட விஷயங்களை மட்டும் எழுதுங்க: யார் 1, யார் 2, ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, வாடகை, அட்வான்ஸ், ஏத்தம், நடுவுல காலி பண்ண முடியாத லாக்-இன் காலம் எத்தனை மாசம், நோட்டீஸ் எத்தனை மாசம், சொத்து வரி யாரு கட்டணும். இதை ஒப்பந்தத்தைப் பாத்து எழுதவே கூடாது. பார்ட்டி குடுத்த குறிப்பு, வாட்ஸ்அப் மெசேஜ், பழைய ரசீது, மூலப்பத்திரம் இதையெல்லாம் பாத்துத்தான் எழுதணும். ஒப்பந்தத்தைப் பாத்தே எழுதினா அதுல இருக்கிற தப்பு அப்படியே உங்க தாள்லயும் ஏறிடும், அப்புறம் ரெண்டும் ஒத்துப்போகத்தானே செய்யும்.

படி 2: கடைசிலேர்ந்து முன்னாடி வாங்க

பின்னாலிருந்து படிக்கிறதுன்னா வார்த்தை வார்த்தையா தலைகீழா படிக்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது ஸ்பெல்லிங் பாக்க மட்டும்தான் உதவும், ஒப்பந்தத்துல அதனால பெரிய பலன் இல்ல. நாம செய்யவேண்டியது பிரிவு பிரிவா பின்னாலிருந்து வர்றது. முதல்ல கடைசி ஷெட்யூல், அப்புறம் அதுக்கு முன்னாடி ஷெட்யூல், அப்புறம் பிரிவு 34, 33, 32னு வரணும். ஒரு பிரிவுக்குள்ள வாக்கியத்தை நேராத்தான் படிக்கணும், ஆனா ஒரு பிரிவை முடிச்சதும் மேல ஏறணும்.

இதுல ரெண்டு நன்மை இருக்கு. ஒண்ணு, கதை ஓட்டம் அறுந்துபோறதால ஒவ்வொரு பிரிவும் தனியா, முதல்தடவை பாக்குற மாதிரி தெரியும். இன்னொண்ணு, ஷெட்யூல்லதான் சர்வே நம்பர், கதவு எண், நாலு எல்லை, வாடகை அட்டவணைன்னு நம்பரா கொட்டிக்கிடக்கு, வழக்கமா படிச்சா நாம அங்க போய்ச் சேரும்போது கண்ணு சோர்ந்து போயிருக்கும். பின்னாலிருந்து வந்தா புதுக் கண்ணோட முதல்ல பாக்குறது அந்தப் பக்கத்தைத்தான்.

நம்ம ஷோரூம் ஒப்பந்தத்துல முதல் தப்பு இங்கதான் மாட்டுச்சு. வாடகை அட்டவணையில முதல் 3 வருஷம் 85,000, அடுத்த 3 வருஷம் 97,750, கடைசி 3 வருஷம் 1,12,142னு இருந்துச்சு. கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்க, 85,000க்கு 15 சதவீதம் கூட்டினா 97,750 சரி, அதுக்கு மறுபடி 15 சதவீதம் கூட்டினா 1,12,412.50 வரும். பைசாவை விட்டாலும் 1,12,412 இருக்கணும், டைப் அடிக்கும்போது 4ம் 1ம் இடம் மாறிடுச்சு. மாசம் 270 ரூபா, 36 மாசத்துக்கு 9,720 ரூபா ஓனருக்கு நஷ்டம். பாத்தா சரியான நம்பர் மாதிரியே இருக்கும், அதனால அட்டவணையில நம்பர் இருந்தா கண்ணால பாக்குறதோட நிறுத்தாதீங்க, கணக்குப் போட்டே பாருங்க.

இந்த முறையால என்ன முடியாதுன்னும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. பிரிவு 9ல ஒண்ணு, பிரிவு 26ல அதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்லியிருந்தா பின்னாலிருந்து படிக்கும்போது தெரியாம போகலாம், ஏன்னா நாம வேணும்னே ஓட்டத்தை அறுத்துட்டோம். அதுக்கு வேற சுற்று இருக்கு, கீழ சொல்றேன்.

படி 3: ஸ்கேல் வச்சு வரி வரியா, ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு விஷயம்

ஒரு ஸ்கேலையோ வெள்ளைத் தாளையோ படிக்கிற வரிக்குக் கீழ வச்சு, அடுத்த வரியை மறைச்சுக்கிட்டு, ஒவ்வொரு வரியா இறக்கிட்டே வாங்க. ஒரே தடவையில எல்லாத்தையும் தேடாதீங்க. ஒரு சுற்றுல ஒரு விஷயம்தான்.

முதல் சுற்று யாரு, யாருக்கு. 1, 2ங்கிற நம்பரை மட்டும் பென்சில்ல வட்டம் போட்டுக்கிட்டே போங்க, ஒவ்வொரு வட்டத்துலயும் அந்த நம்பருக்குப் பதிலா "ஓனர்", "வாடகைக்காரர்"னு வாயால சொல்லிப் பாருங்க. பிரிவு 12ல இப்படி இருந்துச்சு: "மேற்படி கட்டிடத்தின் சொத்து வரியை 2 லக்கமிட்டவரே தன் சொந்தச் செலவில் செலுத்தி வர வேண்டும்." படிக்கிறப்ப எந்த உறுத்தலும் இல்ல, இலக்கணமும் சரி. ஆனா "வாடகைக்காரரே சொத்து வரி கட்டணும்"னு சொல்லிப் பாத்ததும் துண்டுத் தாள்ல "சொத்து வரி ஓனர்"னு எழுதியிருந்தது ஞாபகம் வந்துச்சு. ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கு, 9 வருஷ வரி கை மாறிடும். இதை எந்த ஸ்பெல் செக்கும் காட்டாது.

ரெண்டாவது சுற்று வினைச்சொல். ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசி ரெண்டு வார்த்தையை மட்டும் பாருங்க. "வேண்டும்", "வேண்டாம்", "உண்டு", "இல்லை", "கூடும்", "கூடாது". வேண்டும்க்கும் வேண்டாம்க்கும் எவ்வளவு சின்ன வித்தியாசம்னு கண்ணால பாருங்க, அர்த்தம் அப்படியே கவுந்துடும். தமிழ்ல இது வாக்கியத்தோட கடைசில வர்றதாலயே ரொம்ப ஆபத்து, அதுக்குள்ள நம்ம மனசு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும்.

மூணாவது சுற்று கமா, "மற்றும்", "அல்லது". கனடாவுல நடந்த வழக்கு ஒண்ணு இதுக்கு நல்ல உதாரணம். ரோஜர்ஸ்ங்கிற கேபிள் கம்பெனிக்கும் அலையன்ட்ங்கிற டெலிஃபோன் கம்பெனிக்கும் கம்பங்களை வாடகைக்கு விடுற ஒப்பந்தம். 5 வருஷம் நடப்புல இருக்கும், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா நீளும், ஒரு வருஷ நோட்டீஸ் குடுத்து முடிச்சுக்கலாம்னு ஒரே வாக்கியம். நோட்டீஸ் பகுதிக்கு முன்னாடி ஒரு கமா இருந்ததால முதல் 5 வருஷத்துக்குள்ளயே முடிச்சுக்கலாம்னு 2006ல அந்த நாட்டு டெலிகாம் ஆணையம் சொல்லிடுச்சு. அதே ஒப்பந்தத்தோட ஃப்ரெஞ்சு வடிவத்துல குழப்பம் இல்லங்கிறதால 2007ல முடிவு மாறுச்சு, ஆனா இழுத்தடிச்சதெல்லாம் ஒரு கமாவுக்காகத்தான். அதனால கமாவை எடுத்துட்டு ஒருதடவை, போட்டுட்டு ஒருதடவை படிச்சுப் பாருங்க, அர்த்தம் மாறுச்சுன்னா அந்த வாக்கியத்தை ரெண்டா உடைச்சு எழுதச் சொல்லுங்க.

படி 4: "பிரிவு இத்தனையில் சொன்னபடி" எல்லாத்தையும் போய்ப் பாருங்க

இதுக்கு மட்டும் கம்ப்யூட்டருக்குத் திரும்பலாம். Ctrl+F அடிச்சு "பிரிவு"ன்னு தேடுங்க, ஒவ்வொண்ணும் எந்தப் பிரிவைக் காட்டுதோ அங்க நேரா போய்ப் பாருங்க. ஷோரூம் ஒப்பந்தத்துல பிரிவு 27ல "பிரிவு 18ல் கண்ட லாக்-இன் காலம்"னு இருந்துச்சு, பிரிவு 18ல போய்ப் பாத்தா ஜெனரேட்டர் வைக்கிறதைப் பத்தி இருக்கு. என்ன நடந்துச்சுன்னா நடுவுல பேசி ஒரு பிரிவை எடுத்துட்டாங்க, அதுக்குக் கீழ இருந்ததெல்லாம் ஒரு நம்பர் மேல ஏறி லாக்-இன் 17க்குப் போயிடுச்சு, 27ல கையால அடிச்ச நம்பர் மட்டும் பழசாவே நின்னுடுச்சு. ஒரு பிரிவை எடுத்தாலோ சேத்தாலோ இந்தப் படியை மறுபடி முழுசா செய்யணும்.

வேர்டுல நம்பர் இருக்கிற இடத்துக்கெல்லாம் வரிசையா போக, தேடுற கட்டத்துல இதை அடிங்க:

```
^#
```

இது எந்த இலக்கமா இருந்தாலும் நிக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் துண்டுத் தாளைப் பாருங்க. எண்ணுல ஒண்ணு, எழுத்துல ஒண்ணு இருக்கான்னும் சேத்துப் பாருங்க, 8,50,000னு போட்டுட்டுப் பக்கத்துல "எட்டு லட்சத்து ஐயாயிரம்"னு எழுதியிருக்கிறது அடிக்கடி நடக்கிற தப்பு. முரணான ரெண்டு பிரிவும் இந்த இடத்துலதான் மாட்டும், நோட்டீஸ் ஒரு இடத்துல 3 மாசம், இன்னொரு இடத்துல 6 மாசம்னு.

படி 5: இன்னொருத்தரை வச்சு வாய்விட்டுப் படிங்க

ஷெட்யூலுக்கு மட்டுமாவது இதைச் செய்யுங்க. ஒருத்தர் மூலப்பத்திரத்தைக் கையில வச்சுப் படிக்கணும், இன்னொருத்தர் புது ஒப்பந்தத்தைப் பாக்கணும். சர்வே நம்பர் 214/3ன்னா "இருநூத்திப் பதினாலு"ன்னு படிக்கக் கூடாது, "ரெண்டு, ஒண்ணு, நாலு, கோடு, மூணு"ன்னு ஒவ்வொரு இலக்கமா சொல்லணும். நாலு எல்லையில வடக்கும் கிழக்கும் மாறியிருக்கிறது இப்படிப் படிச்சாத்தான் தெரியும். மூலப்பத்திரத்தைப் பாக்குறவங்கதான் படிக்கணும், புதுசைப் பாக்குறவங்க படிச்சா எதிர்ல இருக்கிறவர் கேட்டுக்கிட்டே தலையாட்டிடுவார்.

படி 6: திருத்தின பிறகு திருத்தினதைப் பாருங்க

திருத்தும்போது புதுத் தப்பு வரும். முக்கியமா Ctrl+H போட்டு எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தாதீங்க, "2 மாதம்"ங்கிறதை "3 மாதம்"னு மாத்தப் போனா "12 மாதம்" இருக்கிற இடம் "13 மாதம்"னு ஆயிடும். ஒவ்வொண்ணா பாத்து மாத்துங்க. பென்சில் குறி போட்ட பழைய பிரிண்டையும் புது பிரிண்டையும் பக்கத்துல வச்சு, ஒவ்வொரு குறிக்கும் டிக் போட்டுட்டு, திருத்தின வரிக்கு மேல ரெண்டு வரி கீழ ரெண்டு வரி சேத்துப் படிங்க.

32 பக்கத்துக்கு இத்தனை சுற்றும் ஒரே நாள்ல உக்காந்து பண்ண முடியாது. நான் முக்கால் மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து பாக்குறதில்ல, படி 2ஐ இன்னைக்கும் மீதியை நாளைக்கும்னு வச்சுக்குவேன். அவசரம்னு பார்ட்டி நிக்கிறாங்கன்னா யாரு, யாருக்குங்கிற முதல் சுற்றையும் ஷெட்யூலையும் மட்டும் எக்காரணத்துக்கும் விடாதீங்க. 9 வருஷ வாடகைன்னா ரெஜிஸ்டர் பண்ணியே ஆகணும், பதிவான பிறகு தப்பு தெரிஞ்சா பிழைத்திருத்தல் பத்திரம் போடணும், அதுக்கு ரெண்டு பார்ட்டியும் மறுபடி வந்து கையெழுத்துப் போடணும். சொத்து வரி தப்பால லாபம் அடையிற பார்ட்டி அன்னைக்கு வருவாரான்னு யோசிச்சுப் பாருங்க.

கையெழுத்துக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு, மேஜை மேல இருக்கிற காப்பி திருத்தின காப்பிதானான்னு பாருங்க. பக்கம் 32 இருக்கான்னு எண்ணுங்க, பிரிவு 12ல 1 லக்கமிட்டவர்னு இருக்கான்னு பாருங்க, அட்டவணையில 1,12,412 இருக்கான்னு பாருங்க. பழைய ஃபைலைத் தெரியாம பிரிண்ட் குடுத்திருந்தா இந்த ரெண்டு இடத்துலயே தெரிஞ்சிடும்.