ரம்மிக்குச் சீட்டு கலைக்கும்போது

அம்பாசமுத்திரம் பக்கக் கல்யாண வீட்டு ரம்மியில், கட்டைக் கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக உருவிப் போட்டுத்தான் கலைப்பார்கள். 52 சீட்டை எட்டுக் கொத்தாகப் போட்டால், அடுத்தடுத்த 51 ஜோடிகளில் பிரிவது ஏழுதான். போன ஆட்டத்தில் இறக்கிய ஆட்டின் 5, 6, 7 பெரும்பாலும் ஒட்டியே கிடக்கும். எத்தனை வேகமாகக் கலைத்தாலும் இதேதான்.

கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் ஓரங்களைத் தூக்கிச் சரசரவென ஒன்றுக்குள் ஒன்று விழ விடுங்கள். ஒரே தடவையில் ஏறக்குறைய பாதி ஜோடிகள் பிரியும். ஆனால் இரண்டு மூன்று தடவை போதாது. ஏறுவரிசைத் துண்டுகள் இடைவெளிவிட்டு அப்படியே நிற்கும்.

ஒரு கட்டுக்கு ஏழு தடவை என்பது 1992-இல் பேயர், டயகோனிஸ் என்ற கணிதவியலாளர்கள் போட்ட கணக்கு. இரண்டு கட்டு ஆட்டமென்றால் ஒன்றிரண்டு கூடுதலாகக் கலையுங்கள். சீட்டு மடங்குகிறதே என்று வீட்டுக்காரர் முறைப்பார், அது வேறு விஷயம்.