முதல் போஸ்ட்பெய்ட் பில்லில் வரிக் கணக்கு இடிக்கிறதா?

ஹட்டனில் புது இணைப்பு எடுத்த தம்பிக்கு, 1,500 ரூபாய் பெக்கேஜுக்கு முதல் பில் 2,784.80 என்று வந்தது. அதையே வைத்து எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்கிறேன். தோட்ட ஆபீஸ் வழியாகக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல், ஆப்பிலிருந்து முழு பில்லை இறக்குங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் மொத்தத் தொகையை வைத்து எதையும் பார்க்க முடியாது. எக்ஸல் எல்லாம் வேண்டாம், கொப்பியும் போன் கல்குலேட்டரும் போதும்.

முதலில் Pro-rata என்று இருக்கும் தொகையைப் பாருங்கள், இணைந்த மாதத்தின் மிச்ச நாட்களுக்கான கட்டணம் அதுதான். அவன் இணைந்தது ஜூன் 19, பில் மாதம் முடிவது 30. இணைந்த நாளையும் சேர்த்து 12 நாள், ஆக 1,500 × 12 ÷ 30 = 600. அதோடு ஜூலைக்கான 1,500ஐ முன்கூட்டியே போட்டிருக்கிறார்கள். முதல் பில் வீங்குவது பெரும்பாலும் இதனால்தான். அப்புறம் இடையில் போட்ட டேட்டா பேக் 200. பேக்குக்கு நாள் கணக்கு பார்க்கவில்லை, முழு விலைதான். மொத்தம் 2,300.

இனி வரி. என்னை நிறைய நேரம் இழுத்தடித்தது இந்த இடம்தான். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம், 2,300க்கு 414 வர வேண்டும், பில்லிலோ 424.80! காரணம், பில்லில் வற் தொகைக்கு மேலே இருந்த மற்ற அறவீடுகள். இந்த பில்லில் அவை 60 ரூபாய். வற் போடுவது அவற்றையும் சேர்த்த 2,360க்கு. அதில் 18 சதவீதம் 424.80, கூட்டினால் 2,784.80. ஆக, வரிக்கும் வரி கட்டுகிறோம், ஆனால் பில் சரி.

அடுத்து பேக் விலை. 2,784.80ஐ 2,300ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.21. அதாவது பில்லில் 200 என்று இருக்கும் பேக்குக்கு நம் கையிலிருந்து போவது சுமார் 242. பேக் போட்டபோது வந்த எஸ்எம்எஸ்ஸில் 'வரியுடன் 242' என்று இருந்து, பில்லிலும் வரிக்கு முன்னால் அதே 242 நின்றால், ஒரே பேக்குக்கு இரண்டு தரம் வரி எடுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள், வாதாட இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

பிற்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா, மாத நடுவில் பெக்கேஜ் மாற்றினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பழைய பெக்கேஜின் மிச்ச நாட்களுக்கான பணம் கழித்தல் குறியோடு வர வேண்டும். ஜூலை 19இல் 1,500இலிருந்து 2,400க்கு மாறினால் மிச்சம் 13 நாள், வித்தியாசம் 900 × 13 ÷ 31, அதாவது 377.42. அப்படிக் கழித்த தொகையே இல்லாமல் புதிய பெக்கேஜின் 13 நாள் கட்டணம் மட்டும் முழுதாக இருந்தால், உடனே கம்பெனிக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அந்த இலக்கம் கையில் இருந்தால்தான், அவர்கள் இழுத்தடிக்கும்போது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போக வசதி.