பவர் பேங்க் சார்ஜ் ஏறும்போதே போனையும் அதில் போடலாமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

சுவரில் ஒரே ஒரு சார்ஜர். அதில் பவர் பேங்க், பவர் பேங்கில் போன். இதைத்தான் பாஸ்-த்ரூ சார்ஜிங் என்கிறார்கள். எல்லாப் பவர் பேங்கும் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. உங்களுடையது எந்த வகை என்று பார்த்துவிடலாம்.

படி 1: பவர் பேங்கைப் பாதி அளவு சார்ஜில் வையுங்கள். சார்ஜரில் மாட்டுங்கள். அப்புறம், சார்ஜ் குறைவாக உள்ள போனை இணையுங்கள். போனில் சார்ஜ் ஏறவே இல்லையா? உங்கள் பவர் பேங்கில் இந்த வசதி இல்லை. சோதனை இங்கேயே முடிந்தது.

படி 2: ஏறினால், அரை மணி நேரம் விட்டு, பவர் பேங்கின் சதவீதத்தைப் பாருங்கள். சார்ஜரில் மாட்டியிருந்தும் அது குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கணக்கு இதோ.

சார்ஜரிலிருந்து 10 வாட் வருகிறது, போனும் 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலிவான வடிவமைப்பில் மின்சாரம் முதலில் பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு இறங்கி, பிறகு போனுக்காக 5 வோல்ட்டுக்கு ஏறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பத்தில் ஒரு பங்கு வீணானால், உள்ளே வருவது 9 வாட். போனுக்கு 10 வாட் கொடுக்கத் தேவையானது சுமார் 11. பற்றாக்குறையான 2 வாட்டைப் பேட்டரிதான் கொடுக்கிறது. வீணாகும் 2 வாட்டும் பெட்டிக்குள்ளேயே சூடாக மாறுகிறது.

நல்ல வடிவமைப்பில் சார்ஜரின் மின்சாரம் பேட்டரியைத் தொடாமல் நேராகப் போனுக்குப் போகும். மிஞ்சியது மட்டும் பேட்டரிக்கு.

படி 3: கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றிவிடுங்கள்.

பேட்டரி தேய்வது ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே பேட்டரி வழியாகப் பாய்கிறது. தேய வைப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று அந்தச் சூடு. இன்னொன்று, நாள்கணக்கில் செருகியே வைத்திருப்பதால் லித்தியம் பேட்டரி எப்போதும் முழு சார்ஜில், ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் அருகில், நிற்பது. இரண்டும் சேரும்போது கொள்ளளவு வேகமாகக் குறைகிறது. அதனால் எப்போதாவது ஓர் இரவு இப்படிப் போடுவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். ரவுட்டரை மாதக்கணக்கில் இப்படி ஓட்டுவதுதான் தவறு; அதற்கென்றே மினி யூபிஎஸ் இருக்கிறது.

படி 4: போட்டே ஆக வேண்டும் என்றால், போனைவிட அதிக வாட் தரும் சார்ஜரை, பவர் பேங்க் ஏற்கும் அளவுக்குள், தேர்ந்தெடுங்கள். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். போன் நிறைந்ததும் அதை எடுத்துவிடுங்கள், பவர் பேங்க் நிறைந்ததும் சார்ஜரையும் எடுத்துவிடுங்கள். மேல்மூடி லேசாக உப்பியிருந்தால், எந்தச் சோதனையும் வேண்டாம். மறுபடி சார்ஜ் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.